ஏவிஎல் மரத்தில் 35-ஐச் சேர்த்ததும் சாய்வு பக்கம் மாறுகிறது. அடுத்த எண் வந்ததும் தானாகச் சரியாகிறது. ஏன்?

வியாசர்பாடி_இரண்டாமாண்டு · இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். தரவுக் கட்டமைப்பு ஆய்வகப் பாடத்திற்காகச் சி மொழியில் ஏவிஎல் மரம் ஒன்றை எழுதியிருக்கிறேன். பைனரி தேடல் மரத்தில் எண்ணைச் சேர்த்துவிட்டு, ரிகர்ஷன் மேலே திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு கணுவின் சாய்வையும் பார்க்கிறேன். இடப்பக்க உயரத்திலிருந்து வலப்பக்க உயரத்தைக் கழித்தால் வருவதையே சாய்வு என்று கொண்டிருக்கிறேன். அது 1-ஐத் தாண்டினால் வலப்பக்கமாகவும், -1-க்குக் கீழே போனால் இடப்பக்கமாகவும் சுழற்றுகிறேன்.

```c
if (bf(n) > 1)  return rotR(n);
if (bf(n) < -1) return rotL(n);
return n;
```

50, 30, 70, 20, 40, 35, 60 என்ற வரிசையில் எண்களைக் கொடுத்தேன். முதல் ஐந்து எண்கள் வரை சுழற்சிக்கே வேலை இல்லை. 35 வந்ததும் வேராகிய 50-இன் சாய்வு +2 ஆனது. நிரலும் சரியாக அதை வலப்பக்கம் சுழற்றியது. ஆனால் சுழற்றிய பிறகு வேராக வந்த 30-இன் சாய்வு -2 என்று காட்டுகிறது. அதாவது சாய்வு தீரவில்லை, பக்கம்தான் மாறியிருக்கிறது. இதைவிட என்னைக் குழப்புவது, அடுத்து 60-ஐச் சேர்த்தவுடன் 50 மறுபடியும் வேராகி, எல்லாக் கணுக்களும் -1-க்கும் +1-க்கும் இடையில் வந்துவிடுகின்றன என்பதுதான்.

ஆய்வகத்தில் மதிப்பிட்டவர் "இரட்டைச் சுழற்சி இல்லை" என்று மட்டும் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். மரம் தன்னைத் தானே சரிசெய்து கொள்கிறது என்றால் இரட்டைச் சுழற்சி உண்மையில் தேவையா? ஒரு முறை சுழற்றினால் ஏன் சாய்வு அப்படியே மறுபக்கம் போய் நிற்கிறது? விதியை மனப்பாடம் செய்ய எனக்கு விருப்பமில்லை. காரணம் தெரிந்தால் போதும்.

---

ராயபுரம்_வாசகி · இரவு 9:31

தங்கையே, இடது, நடு, வலது என்ற முறையில் மரம் முழுவதையும் அச்சிட்டுப் பார்த்தீர்களா? எண்கள் ஏறுவரிசையில் வந்தால் உங்கள் சுழற்சி சரியாகவே இருக்கிறது என்று பொருள். வரிசை கலைந்திருந்தால் மட்டுமே சுட்டிகளை மாற்றும் இடத்தில் பிழையைத் தேட வேண்டும்.

---

வியாசர்பாடி_இரண்டாமாண்டு · இரவு 9:38

அச்சிட்டுப் பார்த்தேன் அக்கா. ஒவ்வோர் எண்ணைச் சேர்த்த பிறகும் ஏறுவரிசை சரியாகவே வருகிறது. 35-ஐச் சேர்த்த பிறகும் 20, 30, 35, 40, 50, 70 என்றுதான் வந்தது. வரிசை கெடவில்லை, உயரம்தான் கெடுகிறது.

---

காசிமேடு_ஐஸ்கடை · இரவு 10:04

நான் கல்லூரியில் படித்தவன் அல்லன். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் ஐஸ் கடையின் சீட்டுக் கணக்குக்காக நானாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படக்கூடும்.

விடியற்காலையில் ஐஸ் எடுக்க வருகிறவர்களுக்கு 1, 2, 3 என்று வரிசையாகச் சீட்டு கொடுப்போம். முதலில் சாதாரண பைனரி தேடல் மரத்தில்தான் அவற்றைப் போட்டேன். ஒவ்வொரு புதிய எண்ணும் முந்தையதைவிடப் பெரியது என்பதால் எல்லாமே வலப்பக்கமாகவே தொங்கி, மரம் என்று பெயர் வைத்திருந்தது நீண்ட சங்கிலியாகிவிட்டது. சோதனைக்காக 1 முதல் 1000 வரை சேர்த்தபோது கடைசிச் சீட்டைத் தேட 1000 கணுக்களைக் கடக்க வேண்டியிருந்தது. பிறகு நீங்கள் எழுதியிருப்பதைப் போலவே ஒற்றைச் சுழற்சியை மட்டும் சேர்த்தேன். அதே 1000 சீட்டுகளுக்கு மரத்தின் உயரம் 10-ஆகக் குறைந்தது. இரட்டைச் சுழற்சியை நான் எழுதவே இல்லை, எந்தக் குறையும் தெரியவில்லை. ஆகவே அது தேவைப்படாது என்பதே என் கருத்து.

---

பெரம்பூர்_பழையநிரலர் · இரவு 10:52

மூவர் எழுதியதையும் படித்தேன். மாணவி கேட்ட "ஏன்" என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் அது விளங்கிவிட்டால் மற்ற இருவருக்கும் உரிய பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

ஒரு கணுவை வலப்பக்கம் சுழற்றும்போது அதன் கீழே தொங்கும் மூன்று கிளைகளை மட்டும் கவனியுங்கள். உங்கள் மரத்தில் 35 வந்தவுடன், சுழற்றுவதற்கு முன்னால், 50 மேலே இருக்கிறது, அதன் இடப்பக்கம் 30 இருக்கிறது. 30-இன் இடப்பக்கம் 20 தொங்குகிறது, இது வெளிக்கிளை. 30-இன் வலப்பக்கம் 40-உம் அதன் கீழே 35-உம் தொங்குகின்றன, இது நடுக்கிளை. 50-இன் வலப்பக்கம் 70 இருக்கிறது, இது எதிர்க்கிளை.

இதை நம் பக்கத்து வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் தளங்களாக எண்ணிப் பாருங்கள். 50-ஐ வலப்பக்கம் சுழற்றினால் 30 ஒரு தளம் ஏறுகிறது, 50 ஒரு தளம் இறங்குகிறது. 30-உடன் ஒட்டியிருக்கும் வெளிக்கிளையும் ஒரு தளம் ஏறுகிறது; 50-உடன் ஒட்டியிருக்கும் எதிர்க்கிளையும் ஒரு தளம் இறங்குகிறது. நடுக்கிளையோ 30-இடமிருந்து கழன்று 50-இன் இடப்பக்கத்தில் போய் ஒட்டுகிறது. முன்பு அது வேரிலிருந்து இரண்டு படி கீழே இருந்தது. இப்போதும் வேரிலிருந்து இரண்டு படி கீழேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் மாறினாரே தவிர தளம் மாறவில்லை.

இப்போது உங்கள் மரத்தில் மிகுதியான உயரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 35 போய் உட்கார்ந்தது நடுக்கிளையில். ஒற்றைச் சுழற்சியால் ஒரு தளம்கூட ஏற்ற முடியாத ஒரே கிளை அதுதான். சாய்வு தீராமல் மறுபக்கம் போனதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆகவே நடுக்கிளையை முதலில் வெளிக்கிளை ஆக்க வேண்டும். 30-ஐ இடப்பக்கம் சுழற்றுங்கள்: 40 மேலே வருகிறது, 30 அதன் இடப்பக்கம் இறங்குகிறது, 40-இன் இடப்பிள்ளையாக இருந்த 35 இப்போது 30-இன் வலப்பிள்ளை ஆகிறது. இந்தப் படியில் மரம் சமநிலைக்கு வந்துவிடாது. அதைக் கண்டு கலங்க வேண்டாம். மிகுதியான உயரம் வெளிப்பக்கத்துக்கு வந்துவிட்டது என்பதே இதன் பயன். அடுத்து 50-ஐ வலப்பக்கம் சுழற்றுங்கள்: 40 வேராகிறது, அதன் இடப்பக்கம் 20-ஐயும் 35-ஐயும் தாங்கிய 30 நிற்கிறது, வலப்பக்கம் 70-ஐத் தாங்கிய 50 நிற்கிறது. உயரம் 3. 35-ஐச் சேர்ப்பதற்கு முன்பும் இந்த மரத்தின் உயரம் 3-தான்.

```c
if (bf(n) > 1) {
    if (bf(n->left) < 0)
        n->left = rotL(n->left);
    return rotR(n);
}
```

மறுபக்கத்துக்கு இதன் கண்ணாடிப் பிம்பத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

காசிமேட்டு நண்பருக்கு: உங்கள் சோதனை உண்மையானது, முடிவுதான் பொருந்தாது. ஏறுவரிசையில் எண்களைச் சேர்த்தால் புதிய எண் எப்போதும் மரத்தின் வலது ஓரத்தில்தான் போய்ச் சேரும்; அதாவது எப்போதும் வெளிக்கிளையில். நடுக்கிளை ஒரு முறைகூட நீளாது. 1 முதல் 1000 வரை மட்டுமன்றி ஒரு கோடி வரை சேர்த்தாலும் இரட்டைச் சுழற்சி தேவைப்படும் சூழல் அந்த வரிசையில் பிறக்கவே பிறக்காது. 30, 10, 20 என்று மூன்றே எண்களை அந்த வரிசையில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் நிரல் 10-ஐ வேராக்கி, அதன் வலப்பக்கம் 30-ஐயும், 30-இன் இடப்பக்கம் 20-ஐயும் வைக்கும். மூன்று எண்களுக்கு மூன்று தளம்.

---

ராயபுரம்_வாசகி · இரவு 11:10

கேள்வியை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். சுழற்சி எதுவாக இருந்தாலும், தவறான இடத்தில் செய்த சுழற்சியாக இருந்தாலும்கூட, சுட்டிகள் சரியாக மாறினால் ஏறுவரிசை கெடாது என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். அப்படியானால் ஏறுவரிசையைச் சரிபார்ப்பது சமநிலையைப் பற்றி எதையுமே சொல்லாது. சுழற்சி என்பதே வரிசையைத் தொடாமல் உருவத்தை மட்டும் மாற்றும் செயல் அல்லவா?

ஆனால் மாணவியின் இன்னொரு கேள்வி அப்படியே நிற்கிறது. 60 வந்ததும் மரம் ஏன் தானாகச் சரியானது?

---

பெரம்பூர்_பழையநிரலர் · இரவு 11:34

அது தற்செயல். ஆனால் கையால் போட்டுப் பார்க்கத் தகுந்த தற்செயல். தவறாகச் சுழன்ற மரத்தில் 30 வேர். அதன் இடப்பக்கம் 20, வலப்பக்கம் 50. 50-இன் கீழே 35-ஐத் தாங்கிய 40-உம், 70-உம் இருக்கின்றன. 60 வரும்போது அது 70-இன் இடப்பிள்ளையாகிறது. இதனால் 50-இன் இரு பக்கமும் சம உயரம் ஆகின்றன. மேலே திரும்பும்போது 30-இன் சாய்வு -2 என்று நிரல் காண்கிறது, இடப்பக்கம் சுழற்றுகிறது; 50 வேராகிறது. இந்த முறை நடுக்கிளை தளம் மாறாவிட்டாலும் வெளிக்கிளை அதே அளவு உயரமாக இருந்ததால் மொத்தச் சாய்வு +1 என்று அடங்கிவிட்டது.

60-க்குப் பதிலாக 33-ஐக் கையால் போட்டுப் பாருங்கள். முதலில் கீழே 40 என்ற கணு வலப்பக்கம் சுழன்று, 35 மேலே வந்து 33-ஐயும் 40-ஐயும் தாங்கும். பிறகு வேரான 30 இடப்பக்கம் சுழன்று 50 வேராகும். அதன் இடப்பக்க உயரம் 3, வலப்பக்கம் 70 மட்டும். சாய்வு மீண்டும் +2. ஆக, ஒரே மரம் ஓர் எண்ணுக்குச் சரியாகிறது, இன்னோர் எண்ணுக்கு ஏற்ற இறக்கப் பலகைபோல் மறுபடியும் மாறிச் சாய்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் நிரல் 60-க்குப் பிறகு தந்த மரத்தில் 7 கணுக்கள், உயரம் 4. சரியான நிரல் அதே 7 எண்களுக்கு 40-ஐ வேராகவும், 30-ஐயும் 60-ஐயும் அதன் பிள்ளைகளாகவும் வைத்து, உயரம் 3 உள்ள நிறைவான மரத்தைத் தரும். ஆனால் 7 கணுக்களும் உயரம் 4-உம் ஏவிஎல் விதிக்கு முரணல்ல. உயரம் 4 உள்ள ஏவிஎல் மரத்துக்குக் குறைந்தது 7 கணுக்கள் வேண்டும், உங்கள் மரம் அந்த விளிம்பில் நிற்கிறது. ஆகவே எல்லா எண்களையும் சேர்த்து முடித்த பிறகு ஒரு முறை மட்டும் சோதித்திருந்தால், இந்தப் பிழை உங்கள் கண்ணில் பட்டே இருக்காது. ஒவ்வோர் எண்ணுக்கும் பிறகு சாய்வை அச்சிட்டீர்களே, அதுதான் காப்பாற்றியது.

---

திருவொற்றியூர்_இரவுப்பணி · நள்ளிரவு 12:20

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஓர் எண்ணைச் சேர்க்கும்போது மரம் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் பழுது பார்க்க வேண்டியிருக்கும். அது ஒற்றையாகவும் இருக்கலாம், இரட்டையாகவும் இருக்கலாம். அதற்கு மேல் இருக்கும் முன்னோர்களைத் தொட வேண்டியதில்லை. காரணத்தை ஐயாவே காட்டிவிட்டார்: பழுது பார்த்த பிறகு அந்தப் பகுதியின் உயரம், எண்ணைச் சேர்ப்பதற்கு முன் இருந்த அதே உயரத்துக்குத் திரும்பிவிடுகிறது. மேலே இருக்கும் கணுக்களைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. எண்ணை நீக்கும்போதும் இதே கதைதான். ஒரு சுழற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

---

பெரம்பூர்_பழையநிரலர் · காலை 6:41

உங்கள் முதல் பாதி முழுவதும் சரி. நீக்கம் பற்றிய கடைசி வாக்கியம் சரியல்ல. சேர்க்கும்போது வளர்ந்த பக்கத்தைச் சுழற்சி குறைத்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருகிறது. நீக்கும்போது ஒரு பக்கம் ஏற்கெனவே குறைந்துவிட்டது. சுழற்றினால் அந்தப் பகுதியின் உயரம் முன்பிருந்ததைவிட ஒன்று குறையக்கூடும். அந்தக் குறைவு மேலே உள்ள கணுவைச் சாய்க்கலாம், அங்கும் சுழற்ற வேண்டிவரலாம், அப்படியே வேர் வரை போகலாம். நீக்கத்தைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன். இங்கே சேர்ப்பதோடு நிற்போம்.

---

வியாசர்பாடி_இரண்டாமாண்டு · மாலை 5:47

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன மூன்று கிளைகளையும் தாளில் வரைந்து பார்த்தேன். "நடுக்கிளை தளம் மாறுவதில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் ஒரு மாதக் குழப்பம் தீர்ந்தது. இரட்டைச் சுழற்சியைச் சேர்த்தேன். முன்பு கொடுத்த எண்களை 35 வரை சேர்த்ததும் நீங்கள் சொன்னபடியே 40 வேராக வந்தது.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. திருவொற்றியூர் அண்ணன் ஒரு சேர்ப்புக்கு ஒரே இடத்தில்தான் பழுது என்றார். நான் 50, 70, 30, 20, 10 என்று கொடுத்தேன். 10-ஐச் சேர்த்தபோது 30-இல் ஒரு முறையும் 50-இல் ஒரு முறையும் என இரண்டு இடங்களில் என் நிரல் சுழற்றுகிறது. 50-இன் சாய்வு +3 என்று காட்டுகிறது. முடிவில் 20 வேராக நிற்கிறது. எல்லாக் கணுக்களும் வரம்புக்குள்தான் இருக்கின்றன. என் சுழற்சியை இங்கே தருகிறேன்.

```c
Node *rotR(Node *y) {
    Node *x = y->left;
    y->left = x->right;
    x->right = y;
    x->h = 1 + max(ht(x->left), ht(x->right));
    y->h = 1 + max(ht(y->left), ht(y->right));
    return x;
}
```

---

திருவொற்றியூர்_இரவுப்பணி · மாலை 6:15

சேர்க்கும்போது சாய்வு +2-ஐத் தாண்டவே முடியாது, ஏனென்றால் ஒரு முறைக்கு ஓர் எண்தான் வருகிறது; உயரம் ஒன்றுக்கு மேல் கூடாது. ஆகவே `bf(n) > 1` என்பதை `bf(n) == 2` என்று மாற்றுங்கள். +3 வரும் இடத்தில் சுழற்சி நடக்காது; இரண்டாவது சுழற்சி நின்றுவிடும். நான் இப்போது உங்கள் எண்களுக்கே ஓட்டிப் பார்த்தேன், 50 வேராகவே நிற்கிறது, மரமும் சரியாக இருக்கிறது.

---

பெரம்பூர்_பழையநிரலர் · இரவு 8:30

தம்பி, நீங்கள் சொன்ன உண்மை மிகவும் மதிப்புள்ளது. அதைப் பயன்படுத்திய விதம்தான் ஆபத்தானது. சேர்க்கும்போது +3 வரவே முடியாது என்றால், +3 வந்தது என்பது உயரக் கணக்கு பொய் சொல்கிறது என்பதற்கான சான்று. அந்தச் சான்றைக் கண்டுகொள்ளாமல் நிரலைக் கடந்து போகச் செய்துவிட்டீர்கள்.

பிழை, உயரத்தைக் கணக்கிடும் இரண்டு வரிகளின் வரிசையில் இருக்கிறது. சுழற்றிய பிறகு `x` மேலே, `y` அதன் பிள்ளை. பிள்ளையின் உயரம் தெரியாமல் தாயின் உயரத்தைக் கணக்கிட முடியாது. மாணவியின் நிரலில் `x`-இன் உயரத்தை முதலில் கணக்கிடும்போது `y` இன்னும் தன் பழைய உயரத்தையே வைத்திருக்கிறது. 30, 20, 10 இருக்கும் அந்த மூலையில், சுழற்றுவதற்கு முன் 30-இன் உயரம் 3. அந்தப் பழைய 3-ஐ நம்பி 20 தன் உயரத்தை 4 என்று பதிந்துகொள்கிறது. பிறகுதான் 30-இன் உயரம் 1 என்று திருத்தப்படுகிறது. ஆனால் 20-இடம் யாரும் அதைச் சொல்வதில்லை. 20-இன் உண்மையான உயரம் 2. மேலே இருக்கும் 50, பதிந்திருக்கும் 4-இலிருந்து 70-இன் 1-ஐக் கழித்து +3 என்கிறது.

இந்தப் பிழை நேற்று ஏன் தெரியவில்லை என்றால், நேற்று மாணவி ஓட்டிய எண்களில் சுழற்சி வேரிலேயே நடந்தது. வேரின் உயரத்தைப் படிப்பதற்கு அதன் மேலே எந்தக் கணுவும் இல்லை. அடுத்த எண் வரும்போது அது எப்படியும் மறுபடி கணக்கிடப்பட்டுவிடும். வேருக்குக் கீழே ஒரு சுழற்சி நடந்தால்தான் பொய் உயரத்தை நம்ப ஒருவர் இருப்பார்.

இப்போது தம்பியின் `== 2` மாற்றத்தோடு அதே வரிசையில் 80-ஐச் சேர்த்துப் பாருங்கள். மரம் நல்ல நிலையில் இருக்கிறது: 50 வேர், இடப்பக்கம் 10-ஐயும் 30-ஐயும் தாங்கிய 20, வலப்பக்கம் 70. 80 வந்து 70-இன் வலப்பிள்ளையாகிறது. உண்மையில் இரு பக்கமும் உயரம் 2. சுழற்ற எந்தத் தேவையும் இல்லை. ஆனால் 80 வலப்பக்கமாகச் சென்றதால் இடப்பக்கத்தில் 20-இல் பதிந்திருக்கும் பொய்யான 4-ஐ யாரும் திருத்தவில்லை. 4-இலிருந்து 2 போனால் சரியாக +2. நிபந்தனை நிறைவேறுகிறது, 50 வலப்பக்கம் சுழல்கிறது. 20 வேராகி, இடப்பக்கம் 10 மட்டும், வலப்பக்கம் உயரம் 3. நன்றாக இருந்த மரத்தைச் சுழற்சியே கெடுத்துவிட்டது.

ஆகவே `> 1` என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றி, `y`-ஐ முதலிலும் `x`-ஐப் பிறகும் கணக்கிடுங்கள். `rotL`-இலும் கீழே இறங்கும் கணுவையே முதலில் கணக்கிட வேண்டும்.

---

ராயபுரம்_வாசகி · இரவு 9:02

இந்த இரண்டு பிழைகளையும் ஏறுவரிசைச் சோதனை பிடிக்காது என்று தெரிந்துகொண்ட பிறகு, எதைச் சோதிக்க வேண்டும் என்று யோசித்தேன். பதிந்திருக்கும் உயரத்தை நம்பாமல், ஒவ்வொரு சேர்ப்புக்குப் பிறகும் மரம் முழுவதையும் நடந்து உயரத்தைப் புதிதாக எண்ணி, பதிந்திருப்பதோடு ஒப்பிட வேண்டும்.

```c
int check(Node *n) {
    if (!n) return 0;
    int a = check(n->left), b = check(n->right);
    assert(abs(a - b) <= 1);
    int h = 1 + (a > b ? a : b);
    assert(n->h == h);
    return h;
}
```

இரண்டாவது `assert` இல்லாவிட்டால் உயரப் பிழை மறைந்தே இருக்கக்கூடும். 1 முதல் 7 வரையான எண்களை எத்தனை வரிசைகளில் கொடுக்க முடியுமோ அத்தனையையும், அதாவது 5040 வரிசைகளையும், ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வோர் எண்ணுக்கும் பிறகு இதை அழைக்கலாம். கணினிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. மூன்று எண்களிலேயே நடுக்கிளைச் சூழல் வந்துவிடுகிறது, ஐந்து எண்களில் வேருக்குக் கீழே சுழற்சி வந்துவிடுகிறது. ஆகவே 7 போதும் என்று நினைக்கிறேன்.

---

காசிமேடு_ஐஸ்கடை · இரவு 9:40

பெரம்பூர் ஐயா சொன்ன 30, 10, 20-ஐ என் நிரலில் கொடுத்தேன். அவர் சொன்னபடியே 10 வேராகி மூன்று தளம் நின்றது. என் சோதனை ஒரே பக்கமாக நடந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரட்டைச் சுழற்சியைச் சேர்த்துவிட்டேன்.

என்னிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சீட்டு எண்ணுக்குப் பதிலாக எடையை வைத்து இன்னொரு மரம் வைத்திருக்கிறேன். ஒரே எடை பல முறை வரும். சமமான எடை வந்தால் வலப்பக்கம் போட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். 20 கிலோ என்று மூன்று பேர் எடுத்த நாளில், 20-ஐத் தேடி வலப்பக்கமாகவே போனால் இரண்டு பேர்தான் கிடைக்கிறார்கள். மூன்றாமவர் எங்கே போனார்?

---

பெரம்பூர்_பழையநிரலர் · இரவு 10:11

இடப்பக்கம் போய்விட்டார். மூன்று 20-களும் வலப்பக்கமாகத் தொங்கியதும் முதல் கணுவின் சாய்வு -2 ஆகியிருக்கும்; இடப்பக்கம் சுழற்றியதும் நடு 20 மேலே வந்து, முதல் 20 அதன் இடப்பிள்ளை ஆகியிருக்கும். "சமமானது வலப்பக்கம்" என்ற விதியைச் சுழற்சி காப்பாற்றாது; "இடப்பக்கம் இருப்பது பெரியதல்ல, வலப்பக்கம் இருப்பது சிறியதல்ல" என்பதை மட்டுமே அது காப்பாற்றும். ஒரே எடையை ஒரே கணுவில் வைத்து, அந்தக் கணுவிலேயே சீட்டுகளின் பட்டியலைத் தொங்கவிடுங்கள். மரத்தில் சம எண்கள் இல்லாமலே போய்விடும்.

---

ராயபுரம்_வாசகி · இரவு 10:26

இதில் ஐயாவோடு நான் உடன்படவில்லை. பட்டியலைத் தொங்கவிட்டால், ஒரு குறிப்பிட்ட சீட்டைத் தேட அந்தப் பட்டியலை முதலிலிருந்து நடக்க வேண்டும். 20 கிலோவே வழக்கமான எடை என்றால் பட்டியல் நீண்டு, அண்ணன் முதலில் சொன்ன சங்கிலி வேறு வடிவில் திரும்பி வந்துவிடும். எடையோடு சீட்டு எண்ணையும் சேர்த்து ஒரே திறவுகோலாக ஒப்பிட்டால், எந்த இரண்டும் சமமாகாது. சுழற்சிகளும் எந்த மாற்றமும் இல்லாமல் வேலை செய்யும்.

---

பெரம்பூர்_பழையநிரலர் · இரவு 10:49

ஒரு சீட்டைத் தேடுவதற்கு அவரிடம் சீட்டு எண் மரம் தனியாகவே இருக்கிறது. எடை மரத்தில் "20 கிலோ எடுத்தவர்கள் யார் யார்" என்றுதான் கேட்கப் போகிறார். அதற்குப் பட்டியலே நேர்வழி. ஒரு நாளில் எந்தக் கேள்வி எத்தனை முறை கேட்கப்படுகிறது என்று காசிமேட்டு நண்பர் சொன்னால்தான் இதைத் தீர்க்க முடியும்.

---

வியாசர்பாடி_இரண்டாமாண்டு · இரவு 11:18

வரிகளை இடம் மாற்றிவிட்டு ராயபுரம் அக்காவின் `check`-ஐ 5040 வரிசைகளுக்கும் ஓட்டினேன். ஒன்றில்கூட நிற்கவில்லை. பிறகு பழைய பிழைகளை ஒவ்வொன்றாகத் திரும்பவும் வைத்துப் பார்த்தேன். இரட்டைச் சுழற்சியை நீக்கினால் முதல் `assert` நிற்கிறது. உயர வரிகளைப் பழையபடி மாற்றினால் இரண்டாவது நிற்கிறது. உயரப் பிழைக்கு வேருக்குக் கீழே சுழற்சி நடக்கும் வரை காத்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. 1, 2, 3 என்ற முதல் வரிசையிலேயே, வேரில் பதிந்த பொய் உயரத்தை அது பிடித்துவிட்டது.

நாளை ஆய்வகத்தில் 35-க்கு முன்னும் பின்னும் உள்ள மரங்களை வரைந்து எடுத்துச் செல்கிறேன். காசிமேட்டு அண்ணா, உங்கள் எடைக் கணக்கில் ஒரு நாள் வரிசையை இங்கே பதிந்தால் இரண்டு முறையிலும் ஓட்டிப் பார்க்கிறேன்.